குரூப் அரட்டையிலிருந்து ஓர் அலுவலக அறிவிப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் அலுவலகத்தில் விடுப்பு விதி ஒன்று மாறியது. அன்று காலையில் மெசேஜ் அனுப்பி லீவு எடுக்கும் வழக்கம் போய், மூன்று நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்றானது. டீம் லீடுகளின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசியதைப் பார்த்து, எல்லோருக்கும் அனுப்பும் அறிவிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒரு புதன்கிழமை உட்கார்ந்து, 'அடுத்த வெள்ளி முதல்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது நாளை மறுநாள் வரும் வெள்ளியை. என் பக்கத்து சீட் நண்பர் புரிந்துகொண்டது அதற்கடுத்த வெள்ளியை. தங்கையின் வளைகாப்புக்காக அவர் அந்த வெள்ளி காலையில் மெசேஜ் அனுப்பிவிட்டு ஊருக்குப் போனார். மாதக் கடைசியில் ஒரு நாள் சம்பளம் குறைந்தது. "நீ எழுதினதைத்தானேப்பா நம்பினேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இந்த வேலையை ஒரு முறையாகச் செய்யக் கற்றுக்கொண்டேன். 2025 ஜூன் மாதம், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் பற்றிய விதி மாறியபோது செய்ததை அப்படியே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் அலுவலகத்துக்கு மட்டுமல்ல, குடியிருப்போர் சங்கத்துக்கும் இது பொருந்தும்.

முதலில் அரட்டையை வெளியே எடுங்கள்

போன் திரையில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே எழுதினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஆண்ட்ராய்டு போனில் அந்த குரூப்பைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, `More` > `Export chat` > `Without media` என்று தேர்வு செய்து, உங்கள் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும். அதை நோட்பேடில் திறக்கலாம். குரூப்பில் `Advanced chat privacy` வசதி போடப்பட்டிருந்தால் இப்படி எடுக்க முடியாது. அப்போது கையால்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கிடைத்த ஃபைலில் தேவையான பகுதி இது. பெயர்களை எடுத்துவிட்டுப் பதவியைப் போட்டிருக்கிறேன்.

```
12/06/25, 10:42 am - மேலாளர்: இனி 3 நாள் ஆபீஸ் வந்தே ஆகணும். செவ்வாய் டு வியாழன்
12/06/25, 10:44 am - லீட் 1: நல்லது சார். சில பேர் வீட்டுல தூங்கிட்டு இருக்காங்க
12/06/25, 10:47 am - லீட் 2: அடுத்த வாரத்துல இருந்தா சார்?
12/06/25, 10:51 am - மனிதவளம்: 1-ம் தேதி வச்சுக்கலாமா சார்? டைம் குடுக்கணும்
12/06/25, 10:58 am - மேலாளர்: ஓகே
12/06/25, 11:03 am - லீட் 2: நைட் ஷிப்ட்டுக்கும் இதேதானா?
12/06/25, 11:20 am - மேலாளர்: கேப் பாத்துட்டு சொல்றேன்
12/06/25, 11:32 am - லீட் 1: புதன் மட்டும் முன்ன பின்ன ஆனா பரவாயில்லதானே
12/06/25, 11:35 am - மேலாளர்: <Media omitted>
12/06/25, 11:36 am - லீட் 1: சரி சார்
```

ஃபைலில் காணாமல் போகும் மூன்று விஷயங்கள்

இந்த ஃபைலை மட்டும் நம்பினால் தவறு வரும். முதலாவது, எந்த மெசேஜுக்கு யார் பதில் சொன்னார்கள் என்ற இணைப்பு இதில் வராது. 10:58-க்கு மேலாளர் சொன்ன 'ஓகே' எதற்கு? அடுத்த வாரத்துக்கா, 1-ஆம் தேதிக்கா? போனில் பார்த்தால், மனிதவள அதிகாரியின் மெசேஜை இழுத்து அதன் கீழ்தான் 'ஓகே' போட்டிருந்தார். ஃபைலில் அது தெரியவில்லை.

இரண்டாவது, மெசேஜின் மேல் வைக்கும் கட்டைவிரல் போன்ற குறிகளும் வராது. சம்மதம் அந்தக் குறியாக மட்டுமே இருந்தால், யாரும் பதிலே சொல்லாதது போலத் தோன்றும்.

மூன்றாவது, வாய்ஸ் மெசேஜ். `<Media omitted>` என்று வந்திருப்பது மேலாளரின் 20 விநாடிப் பேச்சு. புதன்கிழமைக்குத் தனிச் சலுகை கிடையாது என்றும், அந்த மூன்று நாட்களில் ஒரு நாள் வர முடியாதவர் முந்தைய நாளே லீடிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தார். விதிவிலக்கு முழுவதும் அந்த 20 விநாடிக்குள்தான் இருந்தது. எனவே இந்த வரி எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் போனுக்குப் போய்க் கேட்டு, கேட்டதை ஃபைலில் டைப் செய்துவிடுங்கள். நோட்பேடில் `Ctrl+F` கொடுத்து `omitted` என்று தேடினால் எல்லாம் அகப்படும்.

ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம்

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான்கு சொற்களில் ஒன்றைப் போடுங்கள்: முடிவு, யோசனை, கேள்வி, பேச்சு. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் சொன்னால் மட்டுமே அது முடிவு. கடைசியாக வந்த மெசேஜ்தான் இறுதி என்று நினைக்க வேண்டாம். லீட் 1 கடைசியாகச் சொன்னாலும், புதன்கிழமை பற்றி அவர் சொன்னது யோசனைதான்.

என் ஃபைலில் மூன்று முடிவுகள் தேறின: நாட்கள், 1-ஆம் தேதி, முன் அனுமதி. இரவுப் பணி பற்றிய கேள்வி பதிலில்லாமல் நின்றது. 'தூங்கிட்டு இருக்காங்க' என்பது பேச்சு. அது அறிவிப்பின் பக்கமே வரக்கூடாது. விதி மாறியதற்குக் காரணமாகக்கூட அதை மறைமுகமாக எழுதக்கூடாது. மேலாளர் காரணம் எதுவும் சொல்லவில்லை. எனவே 'உற்பத்தித் திறனை உயர்த்தும் பொருட்டு' என்று நானாக ஒன்றைச் சேர்க்கவும் இல்லை.

இந்த இடத்தில்தான் முக்கியமான ஒன்று தெரிந்தது. குரூப்பில் எல்லோரும் '3 நாள் கட்டாயம்' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பழைய விதியிலும் வாரத்தில் 3 நாட்கள் அலுவலகம்தான். வீட்டிலிருந்து வேலை செய்யும் 2 நாட்களை அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை மாறவில்லை, நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் போகிறது. செவ்வாய்க்கிழமை குழந்தையை டாக்டரிடம் அழைத்துப்போகிறவருக்கு உண்மையான செய்தி அதுதான். பழைய விதியையும் புதிய விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எழுதியிருந்தால் இதைத் தவறவிட்டிருப்பேன்.

விடுபட்டதைக் கேளுங்கள்

தெரியாததை ஊகித்து எழுதாமல், முடிவெடுப்பவரிடம் ஒரே மெயிலில் கேட்டுவிடுங்கள். கேள்விகள் ஒரு வார்த்தையில் பதில் சொல்லும்படி இருக்கட்டும். நான் கேட்டது மூன்று: "தொடங்கும் நாள் 1 ஜூலை 2025, செவ்வாய், சரிதானா சார்? இரவுப் பணிக்கு இப்போது மாற்றம் இல்லை என்று போடலாமா? அனுமதி கேட்க முந்தைய நாள் மாலை 5 மணி என்று வைக்கலாமா?" மூன்றுக்கும் 'ஆம்' என்று மதியமே பதில் வந்தது. அந்த மெயிலைப் பத்திரப்படுத்தினேன். நாளை யாராவது கேட்டால், அரட்டையைக் காட்ட வேண்டியதில்லை.

எழுதிய அறிவிப்பு

> வீட்டிலிருந்து பணிபுரியும் நாட்கள் மாற்றம்: 1 ஜூலை 2025, செவ்வாய் முதல்
>
> இதுவரை: வாரத்தில் விரும்பிய 2 நாட்கள் வீட்டிலிருந்து பணிபுரியலாம்.
>
> 1 ஜூலை முதல்: செவ்வாய், புதன், வியாழன் அலுவலகத்தில் பணிபுரிய வேண்டும். திங்கள், வெள்ளி வீட்டிலிருந்து பணிபுரியலாம்.
>
> யாருக்கு: பகல் பணியில் உள்ள அனைவருக்கும். இரவுப் பணியில் உள்ளவர்களுக்கு இப்போது மாற்றம் இல்லை. மாறினால் தனி அறிவிப்பு வரும்.
>
> வர இயலாவிட்டால்: அந்த 3 நாட்களில் ஒரு நாள் வீட்டிலிருந்து பணிபுரிய வேண்டியிருந்தால், முந்தைய பணி நாள் மாலை 5 மணிக்குள் உங்கள் டீம் லீடுக்கு மெயில் அனுப்பி அனுமதி பெற வேண்டும்.
>
> மாறாதவை: வீட்டிலிருந்து பணிபுரியும் நாட்களின் எண்ணிக்கை, பணி நேரம், விடுப்பு விதிகள்.
>
> சந்தேகங்களுக்கு: மனிதவளப் பிரிவு.

நடுநிலை என்பது மென்மையாகப் பேசுவது அல்ல. 'வந்தே ஆகணும்' என்பதை 'பணிபுரிய வேண்டும்' என்று மாற்றினேன். அதட்டல் போய்விட்டது, விதி அப்படியே நிற்கிறது. 'இயன்றவரை வரவும்' என்று எழுதியிருந்தால் படிக்க இதமாக இருக்கும். ஆனால் அதை நம்பி ஒருவர் புதன்கிழமை வராமல் இருந்தால் மாட்டிக்கொள்பவர் அவர்தான். 'மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்', 'வருந்துகிறோம்' இரண்டும் வேண்டாம். படிப்பவர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. தேதியோடு கிழமையும் சேர்ந்தே இருக்கட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் தட்டச்சுப் பிழை உடனே கண்ணில் படும். 'அடுத்த', 'வருகிற', 'விரைவில்' என்ற மூன்று சொற்களை `Ctrl+F` போட்டுத் தேடி நீக்கிவிடுகிறேன்.

அனுப்பும் முன் ஒருவரிடம் காட்டுங்கள்

குரூப்பில் இருந்தவர்களிடம் காட்டிப் பயனில்லை. எழுதாமல் விட்டதையும் அவர்கள் மனதிலேயே நிரப்பிக்கொள்வார்கள். நான் வரவேற்பு மேசையில் இருக்கும் அக்காவிடம் கொடுத்து, "என்றைக்கு ஆரம்பம்? உங்களுக்கு உண்டா? புதன்கிழமை வர முடியலேன்னா என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டேன். மூன்றுக்கும் சரியாகச் சொன்னார். பிறகு அவரே, "ஜூலை மாசத்துக்கு ஏற்கெனவே செவ்வாய்க்கிழமை வீட்டிலேன்னு ஒப்புதல் வாங்கினவங்க என்ன பண்றது தம்பி?" என்றார். எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. மேலாளரிடம் கேட்டு, 'முன்பு பெற்ற ஒப்புதல்கள் 30 ஜூன் 2025, திங்கள் வரை மட்டுமே செல்லும்' என்று ஒரு வரி சேர்த்தேன்.

மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே வாசகத்தை அனுப்புங்கள். ஒன்றில் சுருக்கம், மற்றதில் முழு விவரம் என்றால் இரண்டு விதிகள் இருப்பதாகவே பேச்சு எழும். அனுப்பிய பின் பிழை கண்டால், வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் எடிட் செய்ய முடியும் என்றாலும், அறிவிப்புக்கு அதைச் செய்யாதீர்கள். முதலில் படித்தவர் மறுபடி வந்து பார்க்க மாட்டார். 'திருத்தம்' என்று தலைப்பிட்டுப் புதிதாக அனுப்புவதே நல்லது.

கடைசியாக ஒன்று. ஏற்றுமதி செய்த அந்த ஃபைலில் சக ஊழியர்களின் பெயர்கள், எண்கள், 'தூங்கிட்டு இருக்காங்க' எல்லாமே இருக்கின்றன. வேலை முடிந்ததும் மெயிலிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள். `Recycle Bin`-ஐயும் காலி செய்ய மறக்காதீர்கள்.

அறிவிப்பு போன அன்று மாலை, பக்கத்து சீட் நண்பர் அதை இரண்டு முறை படித்தார். "கிழமை போட்டிருக்கியா... சரி" என்று சொல்லிவிட்டு, டெஸ்க் காலண்டரில் 1-ஆம் தேதியை வட்டமிட்டார்.