ராஜினாமா கடிதத்தில் எழுதக் கூடாத ஒரு வரி

ஐ.டி. கம்பெனியில் நாலைந்து வருடம் புரோகிராம் எழுதிவிட்டு, மாதச் சம்பளத்தை உதறி வீடியோ கேம் செய்யப் போகிறவர்களின் ராஜினாமா கடிதம், முதல் வரைவில் பெரும்பாலும் நீளமாகத்தான் இருக்கும். பெரிய கம்பெனிகளின் பணம் இல்லாமல் தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ செய்யும் இந்த ‘இண்டி கேம்’ வேலையை வீட்டில்கூடச் சரியாகப் புரியவைக்க முடிவதில்லை. அடக்கி வைத்ததெல்லாம் கடிதத்தில் கொட்டும். நடுவே இப்படி ஒரு வரியும் வந்து விழும்: “கடந்த இரண்டு ஆண்டுகளாக இரவு நேரங்களில் நான் உருவாக்கிவரும் கேமை முடிப்பதற்காக விலகுகிறேன்.”

மேனேஜர் படித்துவிட்டு வாழ்த்துச் சொல்லலாம். ஆனால் இந்தக் கடிதம் மேனேஜரோடு நிற்பதில்லை, ஊழியரின் கோப்பில் போய்ச் சேர்கிறது. கம்பெனியின் சம்பளத்தில் இருந்த காலத்தில்தான் இந்த கேம் பிறந்தது என்பதற்கு, கையெழுத்துப் போட்ட சாட்சியாக அங்கே பல வருடம் இருக்கும்.

அதில் என்ன தப்பு என்று தெரிய, வேலைக்குச் சேர்ந்த நாளில் வாங்கிய நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். யாரும் படிக்காத பக்கங்களில் ‘அறிவுசார் சொத்து’ என்று ஒரு பத்தி இருக்கும். சில கம்பெனிகள் “வேலை தொடர்பாக உருவாக்கியது” என்பதோடு நிறுத்திக்கொள்ளும். சிலவோ “பணிக்காலத்தில், அலுவலக நேரத்திலோ வெளியிலோ உருவாக்கிய அனைத்தும்” என்று அகலமாக வலை வீசியிருக்கும். நம் பதிப்புரிமைச் சட்டம் (1957), 17ஆம் பிரிவில், ஊழியர் தன் வேலையின் அங்கமாகச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது. வங்கி மென்பொருள் எழுதுகிறவர் ராத்திரி வீட்டில் செய்த கேம் ‘வேலையின் அங்கம்’ ஆகாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் அகலமானதாக இருந்தால், வாதாட வேண்டிய நிலைமையே பாதித் தோல்வி. கேமை வெளியிட முன்வரும் பதிப்பாளர், “இதன் முழு உரிமையும் என்னுடையதே” என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார். அந்த இடத்தில் பேனா நின்றுவிடும்.

இன்னொரு சாட்சி கணினிக்குள்ளேயே இருக்கிறது. கேமின் நிரலைச் சேமித்து வைக்கும் ‘கிட்’ என்ற கருவி, ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்று குறித்து வைக்கும். கேம் இருக்கும் கோப்புறையில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் பட்டியல் வரும்:

```
git log --format="%ad %ae"
```

தேதி, நேரம், மின்னஞ்சல் முகவரி என மூன்றும் வரிசையாக நிற்கும். அலுவலக லேப்டாப்பில் ஒரே ஒரு வாரம் வேலை செய்திருந்தாலும், அதில் அமைத்திருந்த கம்பெனி முகவரி அந்த வரிகளில் பதிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை என்று நேரமும் காட்டும். பயந்து போய்ப் பழைய பதிவுகளைத் திருத்தி எழுதுகிறவர்கள் உண்டு. அது சிக்கலை மோசடியாக்கும் வேலை.

நேர்வழி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கூச்சம் தரும் வழி. கடிதம் கொடுப்பதற்கு முன்பே, கேமின் பெயரையும் இரண்டு வரி விவரத்தையும் எழுதி, “இது என் சொந்த நேரத்தில், சொந்தக் கருவிகளில் செய்தது, நிறுவனத்துக்கு இதில் உரிமை கோரல் இல்லை” என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது. ‘சொந்தக் கருவி’ என்பது உண்மையாக இருந்தால் மட்டுமே அப்படி எழுதலாம். ஒப்பந்தம் அகலமானது, கம்பெனி இழுத்தடிக்கிறது என்றால், ஒரு வழக்கறிஞரிடம் அந்தப் பத்தியைக் காட்டுவதற்கு ஆகும் செலவு, பின்னால் வரக்கூடியதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. “விலகிய பிறகும் இன்ன தொழில் செய்யக் கூடாது” என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கு அவ்வளவு அஞ்ச வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது.

உரிமை விஷயம் தனியாக முடிந்துவிட்டால் ராஜினாமா கடிதத்துக்கு நாலே வரி போதும். “இன்று, மார்ச் 2, பணியிலிருந்து விலகுவதைத் தெரிவிக்கிறேன். ஒப்பந்தப்படி 90 நாள் அறிவிப்புக் காலம் முடியும் மே 31 என் கடைசி நாள். அதற்குள் என் பொறுப்புகளை ஒப்படைத்துவிடுகிறேன். இங்கு கற்றுக்கொண்டதற்கு நன்றி.” காரணம் கேட்டால் சொந்தக் காரணம் என்றால் போதும். கேமைப் பற்றி மேனேஜரிடம் டீக்கடையில் தாராளமாகப் பேசலாம்.

ஆனால் அந்தத் தேதியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த மனிதர் ஐந்து வருடத்துக்கு முன் ஜூலை 1 அன்று சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மே 31இல் போனால் பணிக்காலம் 4 ஆண்டு 11 மாதம். கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு வேண்டும். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டிக் கம்பெனியோடு மல்லுக்கட்ட கேம் செய்கிறவருக்கு ஏது நேரம்? கடிதத்தை ஏப்ரல் 2க்குத் தள்ளிவைத்தால் கடைசி நாள் ஜூலை 1 ஆகிவிடும். அறிவிப்புக் காலமும் பணிக்காலம்தான். கணக்குக்கான மாத ஊதியம் 50,000 ரூபாய் என்றால், அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து ஐந்து மடங்காக்க, 1,44,230 ரூபாய் வருகிறது.

கேம் விற்பனைக் கணக்கில் இது எவ்வளவு? கணினி விளையாட்டுகளின் பெரிய கடையான ஸ்டீம், ஒவ்வொரு விற்பனையிலும் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. தள்ளுபடி, திருப்பிக் கொடுத்தவை, அமெரிக்க வரிப்பிடித்தம் எல்லாம் போகப் பிரதிக்கு 300 ரூபாய் கையில் நிற்கும் என்று கொண்டால், ஒரு மாதம் பொறுத்ததற்குக் கிடைத்தது சுமார் 480 பிரதிகளின் வருமானம். முதல் கேமுக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை.

அறிவிப்புக் காலத்தில் கைகள் பரபரக்கும். ஸ்டீமில் கணக்குத் தொடங்கி, ஒரு கேமுக்கான 100 டாலர் கட்டணத்தைக் கட்டி, ‘விரைவில்’ பக்கத்தைத் திறந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த 90 நாளும் பழைய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவைதான். வெளியே தொழில் கூடாது என்ற விதியும் நடப்பில் இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்காதவர் பொறுத்திருப்பதே நல்லது. கட்டணம் கட்டிய பிறகு வெளியிட எப்படியும் 30 நாள் காத்திருக்க வேண்டும். விலகிய மறுநாள் கட்டினாலும் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாது.

மைன்கிராஃப்டைச் செய்த ஸ்வீடன்காரர் மார்க்கஸ் பெர்சன், 2009இல் அதை அரைகுறையாக இருக்கும்போதே விற்கத் தொடங்கினார். அப்போது ஸ்டாக்ஹோமில் ஜேஆல்பம் என்ற கம்பெனியில் புரோகிராமர். விற்பனை ஏறியபிறகு வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, 2010இல்தான் முழுசாக விலகினார். அவர் கடிதம் கொடுத்தபோது கேமே சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜேஆல்பத்தில் அவருடைய முதலாளியாக இருந்த கார்ல் மன்னே, பின்னர் பெர்சனின் மோஜாங் கம்பெனிக்குத் தலைமை நிர்வாகியாக வந்து சேர்ந்தார். கடிதத்தில் பழைய மனக்கசப்புகளைக் கொட்டாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் மாலை அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டுவிடும். அதற்குள் ராஜினாமாவை ஏற்றதாக வந்த பதிலையும், கேம் மீது உரிமை கோரல் இல்லை என்ற கடிதத்தையும், விதிகள் இடம் தரும் வழியில், சொந்தப் பிரதியாக வாங்கிவிட வேண்டும். பணிவிடுப்புச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். கேம் விற்காமல் மறுபடி வேலை தேடும்போது, புதிய கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான்.