முப்பது நொடி விளம்பரத்தில் எந்தத் தமிழ்?

வானொலி விளம்பரத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர் முதல் வரியிலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். பாத்திரம் ‘வருகிறார்கள்’ என்று சொல்லப்போகிறதா, ‘வர்றாங்க’ என்று சொல்லப்போகிறதா? தமிழில் எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் இடையே உள்ள தொலைவு பெரியது. வினைமுற்று, வேற்றுமை உருபு, சொல்லின் கடைசி ஒலி என எல்லாமே மாறுகின்றன. அதனால் வாய் திறந்த உடனேயே கேட்பவர் இது அறிவிப்பா, பேச்சா என்று தெரிந்துகொள்கிறார்.

இரண்டு நடைகள் என்று சொன்னாலும் இடையில் பல படிகள் இருக்கின்றன. செய்தி வாசிப்பின் இலக்கணத் தமிழ் ஒரு முனை. கோவை, நெல்லை, மதுரை, வடசென்னை என்று ஊர் தெரியும் வழக்குகள் மறு முனை. நடுவில் இருப்பது, சினிமாவும் தொலைக்காட்சித் தொடர்களும் பரப்பிய பொதுப் பேச்சுத் தமிழ். பேசுபவரின் ஊரும் சாதியும் அதில் எளிதில் தெரியாது. இன்றைய விளம்பர உரையாடலில் பெரும்பகுதி இந்த நடையில்தான் எழுதப்படுகிறது.

பொருளைப் பொறுத்தவரை நடையைத் தீர்மானிப்பது விலையைவிட அந்தப் பொருள் வாழ்க்கையில் நுழையும் இடம்தான். இட்லி மாவும் துணி சோப்பும் அடுப்படியில் பேசப்படுபவை. அவற்றை இலக்கணத் தமிழில் புகழ்ந்தால் விற்பவர் வீட்டுக்கு வெளியே நின்று பேசுவதுபோல் ஆகிவிடும். கல்யாணப் பட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கல்யாணப் பத்திரிகையே எழுத்துத் தமிழில்தான் அச்சாகிறது. அந்தச் சடங்கின் தொனி பட்டுக்கும் பொருந்திவிடுகிறது. மருந்து, காப்பீடு, முதலீடு ஆகியவற்றின் எச்சரிக்கை வாசகங்களில் எழுதுபவருக்குத் தேர்வே கிடையாது. பரஸ்பர நிதி விளம்பரத்தின் சந்தை அபாய வாசகத்தைப் போல அவை முறையான நடையில், சொல் மாறாமல் வர வேண்டும்.

வயது விஷயத்தில்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது. முதியவர்களுக்குச் செந்தமிழ், இளைஞர்களுக்குக் கொச்சை என்ற எளிய கணக்கு பல ஸ்கிரிப்டுகளைக் கெடுத்திருக்கிறது. முதியவர் எதிர்பார்ப்பது மரியாதையை. அது ‘நீங்க’, ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்ற பேச்சுத் தமிழிலேயே முழுமையாக இருக்கிறது. சிறு குழந்தைகளின் நிலை வேறு. எழுத்துத் தமிழைப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் கற்கிறார்கள் என்பதால், பள்ளி செல்லாத பிள்ளைக்கு ‘உண்ணுங்கள்’ என்பது அன்றாடம் காதில் விழாத சொல்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான வங்கி டெபாசிட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இந்திய வங்கிகள் பல, மூத்த குடிமக்களுக்கு மற்றவர்களைவிட அரை சதவீதம் கூடுதல் வட்டி தருகின்றன. இதற்கு எழுதப்படும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: ‘மூத்த குடிமக்களே! தங்களது சேமிப்பிற்குக் கூடுதல் வட்டி வழங்கும் எமது நிரந்தர வைப்புத் திட்டத்தில் இணைந்து பயன்பெறுங்கள்.’ இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் இது கூட்டத்தை நோக்கிய அழைப்பு. வானொலியைக் கேட்பவர் வீட்டில் தனியாக, காபியோடு உட்கார்ந்திருக்கிறார். ‘நிரந்தர வைப்பு’ என்பது விண்ணப்பப் படிவத்தில் வரும் பெயர். வங்கி வாசலில் அவர் கேட்பது ‘டெபாசிட்’ பற்றி. இதற்கு மாற்றாக, ‘தாத்தா, கெத்தா வட்டி வாங்கலாமா?’ என்று எழுதினால், வாழ்நாள் சேமிப்பைப் பற்றிய பேச்சில் விளையாட்டுத்தனம் புகுந்து நம்பிக்கை போய்விடும்.

கணவன் மனைவி பேச்சாக எழுதினால் வழி திறக்கிறது.

மனைவி: என்னங்க, ரிட்டயர்மென்ட் பணத்த எங்க போடப் போறீங்க?
கணவர்: பேங்க்ல கேட்டேன். அறுபது தாண்டினவங்களுக்கு அரை சதவீதம் வட்டி கூடவாம்.
மனைவி: அவசரத்துக்கு எடுக்கலாமா?
கணவர்: எடுக்கலாமாம். ஆனா வட்டி கொஞ்சம் குறையும்.
அறிவிப்பாளர்: அறுபது வயது நிறைந்தவர்களுக்கு அரை சதவீதம் கூடுதல் வட்டி. ஆதார், பான் அட்டையுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். நிபந்தனைகளுக்கு உட்பட்டது.

ஒரே விளம்பரத்தில் இரண்டு நடைகள் இருந்தும் மோதல் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு நடைதான். கணவர் ‘கூடவாம்’, ‘எடுக்கலாமாம்’ என்று கேள்விப்பட்டதைச் சொல்கிறார். வங்கியின் வாக்குறுதி அறிவிப்பாளர் வாயிலிருந்து முறையான தமிழில் வருகிறது. பொறுப்பு யாருடையது என்பதை நடையே காட்டிவிடுகிறது. நடையைப் பொருளுக்கு ஒன்று என்று நிர்ணயிக்காமல் பேசும் ஆளுக்கு ஒன்று என்று நிர்ணயிப்பதே சரியான முறை. இந்த ஸ்கிரிப்டில் நாற்பதுக்கும் குறைவான சொற்களே உள்ளன. வங்கியின் பெயருக்கும், முதியவர் காதுக்குத் தேவையான நிதானத்துக்கும் முப்பது நொடியில் இடம் கிடைக்கிறது. எழுத்து நடையில் வினைச்சொற்கள் நீளம். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பதைவிட ‘வந்துட்டிருக்காங்க’ விரைவில் முடியும்.

அதே வங்கி கல்லூரி மாணவர்களுக்கு மொபைல் ஆப் கணக்கை விளம்பரம் செய்தால், நண்பர்கள் இருவர் ‘டா’, ‘மச்சி’ என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அறிவிப்பாளர் மட்டும் கேட்பவரை ‘நீ’ என்று அழைக்கக்கூடாது. பதினெட்டு வயதுக்காரரும் வங்கியின் வாடிக்கையாளர்தான். ‘ஆப்’, ‘ஓடிபி’, ‘லாகின்’ ஆகியவற்றைத் தமிழாக்கினால், திரையில் எதைத் தேடுவது என்று கேட்பவருக்குக் குழப்பம் வரும். இளைஞர் வழக்கில் இன்னொரு ஆபத்து அதன் ஆயுள். ‘மச்சி’ தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது, ஆனால் ஒரு படப் பாடலோடு பிறந்த சொல் அந்தப் படத்தோடு போய்விடலாம். பல மாதங்கள் ஒலிபரப்பாகும் விளம்பரத்தில் அதை நம்பி நகைச்சுவையைக் கட்டக்கூடாது.

பேச்சு நடையை எழுதும்போது எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. அதற்கு நிலையான முறை இல்லாததால் ஒருவர் ‘பணத்தை’ என்றும் மற்றொருவர் ‘பணத்த’ என்றும் எழுதுகிறார். குரல் கொடுப்பவர் தாளில் உள்ளதைத்தான் படிப்பார். தாளில் ‘அவங்க நாளைக்கு வருகிறார்கள்’ என்றிருந்தால் ஒலியிலும் அந்தக் கலப்பு வந்துவிடும். இந்தி அல்லது ஆங்கில மூலத்திலிருந்து அவசரமாக மாற்றப்பட்ட ஸ்கிரிப்டுகளில் இந்தக் குறை சாதாரணமாகத் தெரியும்; சொற்கள் பேச்சாகவும் வினைமுற்று எழுத்தாகவும் நிற்கும்.

விளம்பரம் எந்த ஊர்களுக்குப் போகிறது என்பதும் நடையைக் கட்டுப்படுத்துகிறது. சென்னையின் ‘வர்றாங்க’ யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘வருகினம்’. இரண்டு இடத்துக்கும் ஒரே ஒலிப்பதிவுதான் என்றால் உரையாடலைச் சுருக்கி, இரு ஊருக்கும் பொதுவான எழுத்து நடையில் அறிவிப்பாளரின் பங்கைக் கூட்டுவது நல்லது. தனித்தனிப் பதிவுக்குச் செலவு செய்ய முடிந்தால் அந்தந்த ஊர்க்காரரையே எழுதவும் பேசவும் வைக்க வேண்டும். வெளியூர்க்காரர் பிடிக்கும் வட்டார வழக்கு, அந்த ஊர் மக்களுக்குக் கேலியாகவே படும்.

பதிவுக்கு முன் ஸ்கிரிப்டை அந்த வயதுடைய ஒருவருக்கு ஒருமுறை மட்டும் படித்துக்காட்டி, கேட்டதை அவர் சொற்களிலேயே திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் அரை சதவீதத்தையும் அறுபது வயதையும் சரியாகச் சொன்னால் நடை வேலை செய்கிறது. ‘ஏதோ பேங்க் விளம்பரம்’ என்று மட்டும் சொன்னால் அவர் எந்த வரியில் கவனத்தை இழந்தார் என்று கண்டுபிடித்து, அந்த வரியை அதைச் சொல்லும் பாத்திரத்தின் வாய்மொழிக்கு மாற்றி எழுதிய பிறகே ஒலிப்பதிவுக்கு அனுப்ப வேண்டும்.