நூறு ரூபாய்ச் சரக்கு, நூற்று நான்கு ரூபாய் விலை

பங்குச் சந்தை பெரிதாக அசையாத ஒரு நாளில், ஒரு ஈடிஎஃப் மட்டும் நாலரை சதவீதம் விழுந்துவிட்டதாகக் கைபேசித் திரை காட்டுகிறது. அதற்குள் இருக்கும் பங்குகள் எதுவும் விழவில்லை. முந்தைய நாள் யாரோ ஒருவர் அவசரப்பட்டு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஈடிஎஃப் என்பது பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய மியூச்சுவல் ஃபண்ட். இந்தியாவில் 2001 டிசம்பரில் நிஃப்டி பீஸ் இதைத் தொடங்கிவைத்தது. சாதாரண மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டால், அன்றைய என்ஏவி எதுவோ அந்த விலைக்கே யூனிட் கிடைக்கும். ஃபண்டின் மொத்தச் சொத்தைக் கணக்கிட்டு, செலவைக் கழித்து, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் என்ஏவி. ஈடிஎஃப்புக்கும் என்ஏவி உண்டு. ஆனால் வாங்குகிறவர் கொடுப்பது அந்த விலையை அன்று. எதிரே விற்க வந்தவர் கேட்கும் விலையைத்தான். அது என்ஏவியைவிட அதிகமென்றால் பிரீமியம், குறைவென்றால் டிஸ்கவுண்ட்.

இதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். அதிகம் பேர் சீண்டாத ஒரு ஈடிஎஃப். யூனிட்டின் உண்மை மதிப்பு 100 ரூபாய். விற்பவர் வரிசையில் 100.60 ரூபாய்க்கு 40 யூனிட், 101.50க்கு 60, அதற்குப் பிறகு 104க்கு 200 யூனிட் நிற்கின்றன. வாங்குபவர் பக்கத்தில் 99.30க்கு ஐம்பது யூனிட் கேட்டு ஒருவர் நிற்கிறார். இந்த நேரத்தில் ஒருவர் “250 யூனிட், கிடைக்கிற விலைக்கு” என்று மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். முதல் இரண்டு வரிசைகளும் காலியாகி, மீதி 150 யூனிட்டுக்கு 104 ரூபாய் வீதம் அவர் கொடுக்க வேண்டியிருக்கிறது. மொத்தம் 25,714 ரூபாய். கையில் வந்த சரக்கின் மதிப்பு 25,000 தான்.

போனது 714 ரூபாய், அதாவது கிட்டத்தட்ட 2.9 சதவீதம். ஆண்டுக் கட்டணம் 0.05 சதவீதம்தான் என்பதைப் பார்த்து அவர் இந்த ஃபண்டைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஐம்பது வருடத்துக்கும் மேலான கட்டணத்தை ஒரே நொடியில் கட்டிவிட்டார்! அன்றைய கடைசி விலை 104 என்று பதிவாகிறது. மறுநாள் ஒருவர் 99.30க்கு விற்றதும் திரையில் நாலரை சதவீத வீழ்ச்சி சிவப்பாகத் தெரிகிறது.

இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் மார்க்கெட் மேக்கர் என்றொரு வியாபாரி இருக்கிறார். ஒவ்வொரு ஈடிஎஃப்புக்கும் குறைந்தது இரண்டு பேரையாவது நியமிக்க வேண்டும் என்பது செபி 2022இல் கொண்டுவந்த விதி. அவருடைய பிழைப்பு எளிமையானது. சந்தை விலை மதிப்பைவிட ஏறினால், உள்ளே இருக்கும் பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி, அல்லது அதற்கான பணத்தைக் கட்டி, ஃபண்ட் நிறுவனத்திடமிருந்து புது யூனிட்டுகளைப் பெற்றுச் சந்தையில் விற்பார். விலை இறங்கினால் யூனிட்டுகளை மலிவாக வாங்கி, நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்து முழு மதிப்பை எடுத்துக்கொள்வார். அவர் சம்பாதிக்கச் சம்பாதிக்க, விலைக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள தூரம் சுருங்கும்.

ஆனால் நிறுவனம் சில்லறையாக யூனிட் கொடுப்பதில்லை. மொத்த மூட்டையாகத்தான் கொடுக்கும். நாளுக்குச் சில லட்ச ரூபாய் மட்டுமே கைமாறும் ஃபண்டில் அவ்வளவையும் விற்றுத் தீர்ப்பதற்குள் பல நாள் போய்விடும். அதுவரை சந்தை விழுந்தால் நஷ்டம் அவருடையது. நிஃப்டி ஈடிஎஃப் என்றால் நிஃப்டி ஃபியூச்சர்ஸை விற்றுவைத்து அந்த ஆபத்தைச் சமன்செய்துகொள்ளலாம். ஃபியூச்சர்ஸ் இல்லாத ஏதோவொரு குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுக்கு அந்த வழியும் இல்லை. எனவே தன் ஆபத்துக்கான கூலியையும் சேர்த்து, வாங்கும் விலையைத் தாழ்த்தியும் விற்கும் விலையை உயர்த்தியும் வைக்கிறார். ஆள் நடமாட்டமில்லாத தெருவில் கடை வைத்தவர் லாபத்தைக் கூட்டித்தானே விற்பார்? பெரிய முதலீட்டாளர் என்றால் அவரைத் தாண்டி நிறுவனத்திடமே நேரடியாகப் போகலாம். அதற்கு 25 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும்.

வியாபாரம் சூடாக நடந்தால் மட்டும் விலை ஒழுங்காக இருந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் நாஸ்டாக் 100 குறியீட்டைப் பின்பற்றும் மோதிலால் ஓஸ்வால் ஈடிஎஃப்பில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் பஞ்சமே இல்லை. ஆனாலும் அதன் விலை மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேலே நின்ற நாட்கள் உண்டு. காரணம், புது யூனிட் வரும் கதவு சாத்தப்பட்டிருந்தது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலருக்கு மேல் முதலீடு செய்யக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. வெளிநாட்டு ஈடிஎஃப்களுக்குத் தனியாக 100 கோடி டாலர். 2022 தொடக்கத்தில் முதல் வரம்பு நெருங்கியதும் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தச் சொன்னார்கள். வாங்க ஆசைப்பட்டவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், யூனிட்டுகள் கூடவில்லை. மார்க்கெட் மேக்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இல்லாத சரக்கை எங்கிருந்து கொண்டுவருவார்?

இந்தப் பிரீமியத்தில் வாங்குகிறவர் ஒன்றின் மீது அல்ல, இரண்டின் மீது பந்தயம் கட்டுகிறார். மதிப்பு 200 ரூபாயாக இருக்கும் யூனிட்டை 15 சதவீதம் கூடுதலாக 230க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 10 சதவீதம் ஏறி மதிப்பு 220 ஆகிறது. இதற்கிடையில் கதவு கொஞ்சம் திறந்து, பிரீமியம் 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் விலை 224.40. அமெரிக்கச் சந்தை பற்றிய அவருடைய கணிப்பு பலித்தும் பணம் குறைந்திருக்கிறது.

வெளிநாட்டு ஃபண்டில் தெரியும் எல்லா வித்தியாசமும் பிரீமியம் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். மும்பையில் வியாபாரம் நடக்கும்போது நியூயார்க் தூங்குகிறது. அங்கே சந்தை திறக்கும்போது இங்கே இரவு ஏழு அல்லது எட்டு மணி. பகலில் நாம் பார்க்கும் மதிப்பு நேற்றிரவு முடிந்த விலையை வைத்துக் கணக்கிட்டது. இடையில் பெரிய செய்தி வந்திருந்தால், அதை முதலில் காட்டுவது ஈடிஎஃப்பின் சந்தை விலைதான். ஓரிரண்டு சதவீத வித்தியாசத்துக்கு இப்படி நியாயம் சொல்லலாம். வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் 15 சதவீதத்துக்கு இந்த நியாயம் செல்லாது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சந்தை நேரத்தில் ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் iNAV என்றொரு எண் ஓடிக்கொண்டிருக்கும். உள்நாட்டுப் பங்கு ஈடிஎஃப்களுக்கு அது 15 நொடிக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது என்பது விதி. தரகர் செயலியில் தெரியும் விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் விளங்கும். கடைசியாக வியாபாரமான விலையை மட்டும் நம்பக் கூடாது. மந்தமான ஃபண்டில் அது காலையில் நடந்த வியாபாரமாகக்கூட இருக்கலாம். இப்போது நிற்கும் வாங்கும் விலையும் விற்கும் விலையும்தான் கணக்கு.

மேலே சொன்ன 250 யூனிட்காரர் iNAV 100 என்பதைப் பார்த்துவிட்டு 100.60க்கு லிமிட் ஆர்டர் போட்டிருந்தால், உடனே 40 யூனிட்தான் கிடைத்திருக்கும். மீதி 210 வரிசையில் நின்றிருக்கும். திரையில் அதைப் பார்க்கும் மார்க்கெட் மேக்கருக்கு அது லாபமாகப் பட்டால் வந்து கொடுப்பார். இல்லாவிட்டால் மாலை மூன்றரை மணிக்கு ஆர்டர் காலாவதியாகி, பணம் கணக்கிலேயே இருக்கும்.