கோயிலா, கோவிலா? பதிப்பாளருக்கு ஒரு கடிதம்

சோழ நாட்டுக் கோயில்களைப் பற்றிய நூல் ஒன்றை மெய்ப்புப் பார்த்து அனுப்பியபோது பதிப்பாளருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். நூலாசிரியர் ‘கோவில்’ என்றும் ‘கோயில்’ என்றும் மாற்றி மாற்றி எழுதியிருந்தார். அதை நூல் முழுக்க ‘கோயில்’ ஆக்கியிருந்தேன். பிழையைத் திருத்தக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சரியான சொல்லை மாற்றினால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இரண்டு வடிவங்களும் சரியே. ‘கோ’வும் ‘இல்’லும் சேரும்போது நடுவில் உடம்படுமெய் தோன்றும். நன்னூல் விதிப்படி ஓகாரத்துக்குப் பின் வகரம் வரவேண்டும். அப்படிப் பார்த்தால் ‘கோவில்’. ஆனால் யகரம் பெற்ற ‘கோயில்’ பழங்காலம் முதலே வழக்கில் ஊன்றிவிட்டது. இலக்கண விதி ஒன்றையே பார்த்திருந்தால் நான் ‘கோவில்’ பக்கம் போயிருப்பேன்.

இந்த நூல் அதற்கு இடம் தரவில்லை. கோயிற்புராணம், கோயிலொழுகு என்ற நூற்பெயர்கள் இதில் அடிக்கடி வருகின்றன. அப்பர் குறிப்பிடும் பெருங்கோயில், கரக்கோயில், ஞாழற்கோயில், இளங்கோயில் போன்ற வகைகளுக்கு ஓர் இயலே இருக்கிறது. நூற்பெயரிலும் மேற்கோளிலும் நாம் கைவைக்கக் கூடாது. ஆசிரியரின் உரைநடையில் ‘கோவில்’ என்று வைத்தால், ஒரே பக்கத்தில் இரண்டு வடிவமும் நிற்கும். இரண்டும் வெவ்வேறோ என்று படிப்பவர் தயங்குவார்.

சொல்லடைவிலும் சிக்கல் உண்டு. அகர வரிசையில் ‘கோயில்’ முன்னே வரும். ‘கோலம்’ முதலிய சொற்களைத் தாண்டித்தான் ‘கோவில்’ வரும். ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றதன் பக்க எண்கள் தெரியாமலே போகும்.

ஊர்ப்பெயர்களை மாற்றவில்லை. நாகர்கோவில், சங்கரன்கோவில், கோவில்பட்டி ஆகியவை வரைபடத்திலும் ரயில் நிலையப் பலகையிலும் உள்ளபடியே இருக்கின்றன.

தட்டச்சு செய்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். கணினியில் ‘கோவில்’ என்று தேடி மொத்தமாக மாற்றவே கூடாது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதைச் சொல்லும் இயலில் ‘யுனெஸ்கோவில்’ என்ற சொல் இருக்கிறது. அது ‘யுனெஸ்கோயில்’ ஆகிவிடும். ‘கோவிலுக்கு’, ‘கோவிலை’ போன்றவையோ, ‘ல்’ உருமாறிவிடுவதால், தேடலில் சிக்காமல் தப்பிவிடக்கூடும். அதனால்தான் ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்தே திருத்தினேன்.

இது இந்த நூலுக்கான முடிவு மட்டுமே. உங்கள் பதிப்பகத்தின் வேறொரு நூலில், அதன் ஆசிரியர் ‘கோவில்’ என்றே சீராக எழுதியிருந்தால், அதை அப்படியே விடுவதுதான் முறை.

அச்சுக்குப் போகும் முன் ஆசிரியரிடம் இதைக் காட்டி அவர் ஒப்புதலைப் பெறுங்கள். அவர் இசைந்தால், முன்பக்கத்துப் பதிப்புக் குறிப்பில் ஊர்ப்பெயர் விலக்கையும் சேர்த்து ஒரு வரி போட்டுவிடுங்கள்.