வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர்

போஸ்டரின் ஓரம்வரை நிறம் நிறைந்திருந்தால், அது ஓரத்தைத் தாண்டி அச்சாகி, பிறகு ஓரத்தில் வெட்டப்பட்டது என்று பொருள். தாளின் விளிம்புவரை மை படும்படி அச்சிட, அச்சகங்களில் ஓடும் வழக்கமான இயந்திரங்களால் முடியாது. ஆஃப்செட் இயந்திரம் தாளின் ஒரு பக்கத்தைக் கிரிப்பர் என்னும் உலோக விரல்களால் கவ்வி இழுக்கிறது. கவ்விய இடத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சு விழாது. டிஜிட்டல் இயந்திரத்திலும் நாலு பக்கமும் சில மில்லிமீட்டர் வெள்ளையாகவே நிற்கும். ஆகவே பெரிய தாளில் அடித்து, வேண்டிய அளவுக்கு வெட்டி எடுக்கிறார்கள்.

அந்த வெட்டு ஒருபோதும் அச்சுக்கோட்டில் துல்லியமாக விழுவதில்லை. கட்டிங் மெஷினில் தாள்கள் ஒவ்வொன்றாக வெட்டப்படுவதில்லை. சில நூறு தாள்களைத் தட்டி அடுக்கி, மேலிருந்து அழுத்திப் பிடித்து, கத்தியை ஒரே வீச்சில் இறக்குகிறார்கள். கத்தி இறங்கும்போது அடுக்கு சற்றே இழுபடும். அதனால் மேல் தாளும் அடித் தாளும் ஒரே அளவில் வருவதில்லை. இதற்கு முன்பே, அச்சு இயந்திரத்துக்குள் போகும்போது ஒவ்வொரு தாளும் மயிரிழை அளவாவது முன்பின்னாக நின்றிருக்கும். காற்றின் ஈரத்தில் காகிதம் விரிவதும் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால் அது நல்ல வேலையில்கூட நடப்பதுதான்.

கருநீலப் பின்னணி சரியாக வெட்டுக்கோட்டிலேயே முடிந்திருந்தால், இந்த ஒரு மில்லிமீட்டர் விலகல் போஸ்டரின் ஒரு பக்கத்தில் வெள்ளை நூலாகத் தெரியும். சுவரில் ஒட்டினாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். இதைத் தடுக்க, பின்னணியை வெட்டுக்கோட்டுக்கு வெளியே நாலு பக்கமும் கொஞ்சம் நீட்டிவிடுகிறார்கள். அந்த உபரிதான் பிளீட். பொதுவான அளவு 3 மில்லிமீட்டர். பெரிய சுவரொட்டிகளுக்கு அச்சகம் 5 மில்லிமீட்டரும் கேட்கலாம். கத்தி எந்தப் பக்கம் விலகினாலும் வெட்டுவது நிறத்தைத்தான்.

நிறம் வெளியே நீண்டுவிட்டால், வெட்ட வேண்டிய இடம் எது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் கிராப் மார்க். மூலைக்கு இரண்டாக எட்டுச் சிறு கோடுகள், பிளீடுக்கு வெளியே, வெட்டுக்கோட்டின் நீட்சியில் நிற்கும். கட்டிங் போடுபவர் அடுக்கின் மேல் தாளில் எதிரெதிர்க் கோடுகளைப் பார்த்துக் கத்தியை நேராக்குவார். அடியில் உள்ளவை அடுக்கிய ஒழுங்கை நம்பிப் பின்தொடர வேண்டியவை. வெட்டியதும் அந்தக் கோடுகள் கழிவுத் துண்டோடு போய்விடும். நான்கு நிறப் பிளேட்டுகளிலும் விழ வேண்டும் என்பதால், இவை ரெஜிஸ்ட்ரேஷன் என்னும் நிறத்தில் இருக்கும். கறுப்பாகத் தெரிகிறதே என்று அந்த நிறத்தை எழுத்துகளுக்குப் போட்டுவிடக் கூடாது. நான்கு மையும் முழுதாக ஏறி, காயாமல் அடுத்த தாளில் ஒட்டும்.

ஒரு நாடக அறிவிப்பு ஏ3 அளவில், அதாவது 297 × 420 மில்லிமீட்டரில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இல்லஸ்ட்ரேட்டரில் File > New வழியாகப் புதிய ஃபைல் திறக்கும்போது அகலமும் உயரமும் வெட்டிய பிறகு வர வேண்டிய அளவாகவே இருக்கட்டும்: 297, 420. Bleed என்ற கட்டங்களில் நான்கிலும் 3 mm. திரையில் பக்கத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு தோன்றும். அதுவே பிளீட் எல்லை. இங்கேதான் பலர் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். மென்பொருள் இடம் மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. பின்னணிப் படத்தைச் சிவப்புக் கோடுவரை இழுத்துவிடுவது வடிவமைப்பவரின் வேலை.

உள்பக்கமும் இதே கவனம் வேண்டும். நாள், இடம், டிக்கெட் விவரம் எதுவும் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே இருக்க வேண்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. 2 மில்லிமீட்டர் பார்டர் போட்டு வெட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினால், ஒரு பக்கம் 1, எதிர்ப் பக்கம் 3 என்று நிற்கும். பிளீடால் இதைக் காப்பாற்ற முடியாது.

வேலை முடிந்ததும் File > Save As போய் Adobe PDF தேர்ந்து, Marks and Bleeds பகுதியில் Trim Marks என்பதையும் Use Document Bleed Settings என்பதையும் டிக் செய்ய வேண்டும். Offset என்பது வெட்டுக்கோட்டிலிருந்து மார்க் எவ்வளவு தள்ளி நிற்கும் என்பது. மென்பொருள் தானாக வைப்பது 6 பாயின்ட், சுமார் 2.1 மில்லிமீட்டர், அப்படியே விட்டால் மார்க்கின் நுனி பிளீடுக்குள் வரும். 3 mm என்று மாற்றிவிடலாம்.

இப்போது அச்சாகும் பகுதி 303 × 426. இது தாளையும் தீர்மானித்துவிடுகிறது. 12 × 18 அங்குலத் தாளின் அகலம் 305 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிளீடுக்கு அப்பால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது, மார்க் விழவும் இடமில்லை. 13 × 19 அங்குலத் தாளில் அகலவாக்கில் பக்கத்துக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கும். ஓரம்வரை நிறமுள்ள ஏ3 போஸ்டருக்கு அச்சகம் பெரிய தாளுக்கான விலையைச் சொல்வது இதனால்தான்.

ஃபோட்டோஷாப்பில் புதிய ஃபைல் திறக்கும்போது பிளீட் என்று தனிக் கட்டம் கிடையாது. அங்கே கேன்வாஸையே 303 × 426 மில்லிமீட்டராக வைத்து, View > New Guide Layout வழியாக ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டரில் ஒரு கைடும், 8 மில்லிமீட்டரில் இன்னொன்றும் போட வேண்டும். முதலாவது வெட்டுக்கோடு, இரண்டாவது எழுத்துக்கான எல்லை. "நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட் சேர்த்தது" என்று அச்சகத்துக்கு எழுதியும் அனுப்ப வேண்டும்.

பிளீட் இல்லாமல் முடித்த ஏ3 படத்தைச் சற்றே பெரிதாக்கினால் போதுமே என்று தோன்றும். அகலம் 303 ஆக வேண்டுமானால் 2 சதவீதம் பெரிதாக வேண்டும். அப்போது பக்கவாட்டில் 5 மில்லிமீட்டர் உள்ளே இருந்த எழுத்து, வெட்டுக்கோட்டுக்கு வெறும் 2.1 மில்லிமீட்டர் தூரத்துக்கு வந்துவிடும். பின்னணியை மட்டும் நீட்டுவதுதான் சரி. அது ஒற்றைப் படமாக ஒட்டிப்போயிருந்தால், ஓரத்தில் 3 மில்லிமீட்டர் பட்டையை நகலெடுத்துக் கண்ணாடிபோல் திருப்பி வெளியே ஒட்டலாம். வானம், சுவர், மணல் போன்றவற்றில் தெரியாது. முகமோ எழுத்தோ ஓரத்தைத் தொட்டால் தெரிந்துவிடும். பின்னணி முழுதும் வெள்ளையாகவே இருந்தால் பிளீடே தேவையில்லை.

அனுப்புமுன் பி.டி.எஃப்பைத் திறந்து, மூலைக்கு மூலை எதிரெதிர் மார்க்குகளைக் கற்பனைக் கோட்டால் இணைத்துப் பார்க்க வேண்டும். நிறம் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே போனால் பிளீட் இருக்கிறது. கோட்டிலேயே நின்றுவிட்டால், மார்க் மட்டும் வந்திருக்கிறது, பிளீட் வரவில்லை. அச்சகங்களுக்கு அடிக்கடி வந்து சேரும் ஃபைல் இந்த இரண்டாவது ரகம்தான்.