ஒரே ஓட்டத்தில் உச்சக் கூட்டுத்தொகை

3, -5, 4, -1, 2, -6, 3 என்றொரு வரிசை. இதில் அடுத்தடுத்து நிற்கும் எண்களை மட்டும் எடுத்துக் கூட்டினால் கிடைக்கும் மிகப் பெரிய தொகை எது? விடை 5, அது 4, -1, 2 என்ற துண்டிலிருந்து வருகிறது. நடுவே உள்ள -1 நட்டம்தான் என்றாலும், அதைத் தாண்டினால்தான் 2 கைக்கு வரும்.

எல்லாத் துண்டுகளையும் கூட்டிப் பார்ப்பது நேர்வழி. ஆனால் ஒரு லட்சம் எண்கள் இருந்தால் துண்டுகள் ஏறத்தாழ 500 கோடி. 1977இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் உல்ஃப் கிரெனாண்டர், படங்களில் வடிவங்களைக் கண்டறியும் ஆய்வில் இந்தக் கணக்கை எதிர்கொண்டார். அதை ஒரே ஓட்டத்தில் முடிக்கும் வழியைக் கண்டவர் புள்ளியியலாளர் ஜே கடேன். கணக்கைக் கேட்ட ஒரு நிமிடத்துக்குள் அவர் வழி சொல்லிவிட்டதாக கணினி அறிவியலாளர் ஜான் பென்ட்லி எழுதியிருக்கிறார்.

வழியின் உயிர் ஒரே கேள்வியில் இருக்கிறது: இந்த எண்ணில் முடியும் துண்டுகளில் மிகப் பெரியது எது? அது முந்தைய எண்ணில் முடிந்த சிறந்த துண்டின் நீட்சியாக இருக்கும். இல்லையேல் இந்த எண்ணிலேயே புதிதாகத் தொடங்கும். மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

```python
def max_sub(a):
    cur = best = a[0]
    for x in a[1:]:
        cur = max(x, cur + x)
        best = max(best, cur)
    return best
```

மேலே உள்ள வரிசையில் `cur` முறையே 3, -2, 4, 3, 5, -1, 3 என்று நகர்கிறது. 4 வரும்போது கையில் இருப்பது -2. அந்தக் கடனைச் சுமந்தால் 2தான் மிஞ்சும், உதறினால் 4 முழுதாக நிற்கும். அதனால் பழைய துண்டு அங்கே அறுபடுகிறது. அடுத்து -1 வந்தபோது `cur` 3 ஆகக் குறைந்தாலும் இன்னும் நேர் எண்தான், எனவே துண்டு தொடர்கிறது. `best` 5ஐத் தொட்டபின் மாறவே இல்லை.

நேர்முகத் தேர்வில் பலர் சறுக்கும் இடம் தொடக்க மதிப்பு. `cur`, `best` இரண்டையும் 0 என்று வைத்து, தொகை 0க்குக் கீழே போனால் 0 ஆக்கிவிடுவார்கள். நேர் எண் ஒன்றாவது இருக்கும்வரை அது சரியான விடையே தரும் என்பதால் பிழை கண்ணில் படாது. -8, -3, -7 என்று கொடுத்தால் மட்டும் 0 என்று சொல்லும்; சரியான விடை -3. முதல் எண்ணிலிருந்து தொடங்கினால் இந்தச் சிக்கல் வராது, ஆனால் காலியான வரிசையில் `a[0]` பிழை தரும். காலித் துண்டுக்கு அனுமதி உண்டா என்பதைத் தேர்வாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

துண்டின் இடத்தையும் கேட்டால், `x` வென்று புதிய துண்டு தொடங்கும்போது அந்த இடத்தைத் தற்காலிகமாகக் குறித்துக்கொண்டு, `best` உயரும்போது மட்டுமே அதை விடையில் சேர்க்க வேண்டும். உடனே சேர்த்தால், மேலே உள்ள வரிசையின் கடைசி 3, தொடக்க இடத்தைத் தவறாக மாற்றிவிடும்.