பன்னிரண்டு மஞ்சள் அட்டைகளும் ஒரு நடுவரின் சராசரியும்

2016 மே 2, திங்கட்கிழமை இரவு. லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தில் செல்சியும் டாட்டன்ஹாமும் மோதின. முந்தைய நாள் லெஸ்டர் சிட்டி மான்செஸ்டரில் டிரா செய்திருந்ததால், இந்த ஆட்டத்தை ஜெயித்தால்தான் டாட்டன்ஹாமின் பிரீமியர் லீக் கனவு மிஞ்சும். செல்சி பட்டியலின் நடுவில் கிடந்தது. அதற்குப் பட்டமும் இல்லை, இறங்கிவிடும் பயமும் இல்லை. ஆனால் பக்கத்துப் பேட்டைக்காரன் பட்டம் வாங்கிவிடக் கூடாது என்ற வீம்பு இருந்தது. டாட்டன்ஹாம் இரண்டு கோல் முன்னிலை பெற்றது, பிறகு அதைக் கோட்டைவிட்டது. ஆட்டம் 2-2 என முடிந்து பட்டம் லெஸ்டருக்குப் போனது.

அன்று நடுவர் மார்க் கிளாட்டன்பர்க் எடுத்த மஞ்சள் அட்டைகள் பன்னிரண்டு. அதில் ஒன்பது டாட்டன்ஹாமுக்கு. பிரீமியர் லீகில் ஒரே ஆட்டத்தில் ஒரே அணி அவ்வளவு அட்டை வாங்கியது அதுவே முதல் முறை. சிவப்பு அட்டை ஒன்றுகூட இல்லை. பின்னாளில் ஒரு பாட்காஸ்டில் கிளாட்டன்பர்க் இதற்கு விளக்கம் சொன்னார். மூன்று பேரை வெளியே அனுப்பியிருந்தால், நடுவர்தான் பட்டத்தைப் பறித்தார் என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும், அதனால் அவர்களே தங்களைக் கெடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன் என்றார்.

நடுவரின் குணம், பழைய பகை, ஆட்டத்தின் முக்கியத்துவம். ஓர் ஆட்டத்தில் எத்தனை அட்டை எழும் என்று கணிப்பவர்கள் பார்க்கும் மூன்றும் அந்த ஒரே இரவில் இருந்தன. ஐரோப்பியப் பந்தய நிறுவனங்கள் கோலுக்கு விலை சொல்வதுபோலவே அட்டைக்கும் விலை சொல்கின்றன. ‘நாலரைக்கு மேலா, கீழா’ என்று கேட்பார்கள். அதாவது ஐந்து அட்டையோ அதற்கு மேலோ எழுமா, நாலுக்குள் நின்றுவிடுமா. புள்ளிக் கணக்கில் கேட்பதும் உண்டு. மஞ்சளுக்கு 10, சிவப்புக்கு 25. அந்தக் கணக்கில் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் இரவுக்கு 120 புள்ளி.

இந்தச் சந்தைக்குப் புதிதாக வருபவர் முதலில் தேடுவது நடுவரின் சராசரியைத்தான். தேடுவதும் சுலபம். football-data.co.uk தளத்தில் இங்கிலாந்து லீகின் ஆட்டங்கள் இலவசக் கோப்பாகக் கிடைக்கின்றன. Referee என்ற பத்தியில் நடுவர் பெயர் இருக்கும். HY, AY பத்திகளில் உள்ளூர் அணியும் வந்த அணியும் வாங்கிய மஞ்சள் அட்டைகள், HR, AR பத்திகளில் சிவப்பு. கூட்டி வகுத்தால் ஐந்து நிமிடத்தில் கண்டிப்பான நடுவர் யார், கைகட்டி நிற்பவர் யார் என்று பட்டியல் தயார். அந்தப் பட்டியலை அப்படியே நம்புவதில்தான் பெரும்பாலோர் பணம் போகிறது.

முதல் சிக்கல், ஆட்டங்கள் போதாது. ஒரு நடுவருக்கு ஒரு பருவத்தில் கிடைப்பது பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து லீக் ஆட்டங்கள். ஆட்டத்துக்குச் சராசரி நாலு அட்டை என்றால், தற்செயலாகவே அது இரண்டு மேலும் இரண்டு கீழுமாக ஆடும். அப்படி ஆடுகிற 25 எண்களின் சராசரிகூட 0.4 அட்டை அளவுக்கு இப்படி அப்படி நகரும். நடுவருக்கும் நடுவருக்கும் உள்ள உண்மையான குண வேறுபாடும் ஏறக்குறைய அதே அளவுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒருவரின் சராசரி ஐந்து என்று பார்த்தால், பொதுச் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும் அந்த ஒன்றில் பாதியை அவர் குணம் என்றும் பாதியை அதிர்ஷ்டம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய எண் ஐந்து அல்ல, நாலரை. புள்ளியியல்காரர்கள் இதைச் சுருக்குதல் என்பார்கள். ஆட்டங்கள் கூடக்கூடச் சுருக்கம் குறையும். ஐந்தே ஆட்டம் நடத்திய புது நடுவரிடம் ஆறு சராசரி இருந்தாலும் அதில் பெரும்பகுதியைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுட்பமானது. நடுவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதில்லை. இங்கிலாந்தில் அதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது. கொதிக்கும் ஆட்டங்களை அது அனுபவசாலிகளுக்கே கொடுக்கும். சிக்கலான நோயாளிகளை எல்லாம் பெரிய டாக்டரிடம் அனுப்பிவிட்டு, அவர் வார்டில்தான் சாவு அதிகம் என்று கணக்குச் சொன்னால் எப்படி இருக்கும்? பெரிய நடுவரின் அட்டைச் சராசரியும் அப்படித்தான். அவர் கண்டிப்பானவராக இல்லாமலே இருக்கலாம். அவரிடம் வந்து சேரும் ஆட்டங்கள் அப்படி.

அந்த ஆட்டங்களை எப்படி அளப்பது? ‘டெர்பி’ என்ற சொல்லை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. எவர்ட்டனும் லிவர்பூலும் ஒரே ஊர். பிரீமியர் லீகில் அதிகம் சிவப்பு அட்டை கண்ட மோதல் அவர்களுடையதுதான். ஆனால் பிரைட்டனும் கிரிஸ்டல் பேலஸும் வெவ்வேறு ஊர்கள், இடையே எழுபது கிலோமீட்டர் இருக்கும், இருந்தும் பகை பழையது. ஒரு ஜோடி ஆண்டுக்கு இரண்டு முறைதான் லீகில் சந்திக்கிறது என்பதால் தனித்தனியாக அளந்தால் எண்கள் நிலைக்காது. எல்லாப் பகை ஆட்டங்களையும் ஒன்றாகக் கொட்டி, அதே அணிகள் மற்ற ஆட்டங்களில் வாங்கும் அட்டைகளோடு ஒப்பிட்டு, ஒரே பெருக்கெண்ணாக எடுப்பது நல்லது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. லீகின் சராசரி 4 அட்டை. பகை ஆட்டத்தில் 15 விழுக்காடு கூடும், அதாவது 4.6. வரவிருக்கும் பகை ஆட்டத்தின் நடுவர் 25 ஆட்டங்களில் 125 அட்டை எடுத்தவர், சராசரி 5.

அவசரக்காரர் இப்படிக் கணக்குப் போடுவார்: நடுவர் லீகைவிட 25 விழுக்காடு கூடுதல், பகை 15 விழுக்காடு கூடுதல், 4-ஐ இரண்டாலும் பெருக்கினால் 5.75. பாய்சான் என்ற நிகழ்தகவுச் சூத்திரத்தில் இதைப் போட்டால், ஐந்தோ அதற்கு மேலோ எழ 68 விழுக்காடு வாய்ப்பு.

நிதானக்காரர் அந்த 25 ஆட்டங்களைப் பிரித்துப் பார்ப்பார். அதில் 8 பகை ஆட்டங்கள் என்று வையுங்கள். எந்த நடுவர் நின்றிருந்தாலும் அந்த எட்டில் 4.6 வீதமும் மற்ற பதினேழில் 4 வீதமும் எழுந்திருக்கும். மொத்தம் ஏறக்குறைய 105. இவர் எடுத்தது 125. ஆகவே இவருடைய கூடுதல் 25 விழுக்காடு அல்ல, 19-தான். அதையும் மேலே சொன்னபடி பாதியாகச் சுருக்கினால் பத்துக்குள் நிற்கும். 4-ஐ 1.10 ஆலும் 1.15 ஆலும் பெருக்கினால் 5.06. ஐந்தோ அதற்கு மேலோ எழ வாய்ப்பு 57 விழுக்காடு.

நிறுவனம் ‘நாலரைக்கு மேல்’ என்பதற்கு 1.75 என்று விலை போட்டிருக்கிறது. ஒரு பவுண்டு வைத்து ஜெயித்தால், வைத்ததையும் சேர்த்து 1.75 திரும்பும். நட்டப்படாமல் இருக்க எத்தனை விழுக்காடு ஜெயிக்க வேண்டும்? ஒன்றை 1.75 ஆல் வகுத்தால் 57. அவசரக்காரரின் கண்ணுக்கு 19 விழுக்காடு லாபம் கொட்டிக் கிடக்கிறது. நிதானக்காரருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. நிதானக்காரர் பகையை ஒரு முறை எண்ணி, நடுவரின் எண்ணையும் சுருக்கினார். அவசரக்காரர் பகையை இரண்டு முறை எண்ணிவிட்டார், சுருக்கவும் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

மூன்றாவது காரணியான முக்கியத்துவம்தான் அளக்க மிகக் கடினம். பருவத்தின் கடைசி வாரங்களில் எதற்கும் ஆடாத இரு அணிகள் சந்தித்தால் அட்டை குறையும். இது எவரும் ஊகிக்கக்கூடியது. ஆனால் ஆட்டம் முக்கியம் என்பது இரு அணிக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் அட்டைகள் ஒன்பதுக்கு மூன்று என்று பிரிந்ததைப் பாருங்கள். அதனால் ஒவ்வோர் அணிக்கும் தனியாக எண் போட்டுக் கடைசியில் கூட்டுவதே சரியான வழி. 2007-இல் டாசன், டாப்சன், கோடார்டு, வில்சன் என்ற நால்வர் இங்கிலாந்து லீகின் பல பருவங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் அப்படித்தான் இரு அணிகளையும் பிரித்து வைத்துக் கணித்தது. வெளியூர் அணிக்கு அட்டை கூடுதலாக விழுவதை அவர்களும் கண்டார்கள். கொரோனாக் காலத்தில் காலி மைதானங்களில் ஆட்டம் நடந்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. நடுவரின் காதில் கூட்டத்தின் கூச்சல் விழத்தான் செய்கிறது.

இத்தனையும் செய்த பிறகும் கணக்கு ஓரிடத்தில் வழுக்கும். பாய்சான் சூத்திரம் ஒவ்வோர் அட்டையும் தனித்தனியாக விழுகிறது என்று எண்ணுகிறது. சராசரி ஐந்து என்றால் பன்னிரண்டு அட்டையோ அதற்கு மேலோ எழுவது ஆயிரம் ஆட்டத்தில் ஐந்தாறு முறை நடக்கும் என்று அது சொல்லும். மைதானத்தில் நடப்பது வேறு. ஒரு முரட்டு இடறல், தள்ளுமுள்ளு, இரண்டு அட்டை, பழிவாங்கும் இடறல், மறுபடி அட்டை. எதிர்ப்பக்கமும் உண்டு: ஒன்பது பேர் மஞ்சளோடு நிற்கும்போது கிளாட்டன்பர்க்கைப் போல நடுவரே கையைக் கட்டிக்கொள்வதும் நடக்கும். 2010 உலகக் கோப்பை இறுதியில் டி யோங் நெஞ்சில் உதைத்தபோது ஹோவர்டு வெப் காட்டியது மஞ்சள்தான். 14 மஞ்சள் எழுந்த அந்த ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில்தான் ஹெய்ட்டிங்கா வெளியேறினார்.

விதிமுறைகளின் கண்டிப்பும் நிலையாக இருப்பதில்லை. 2023 ஆகஸ்டில் தொடங்கிய பருவத்தில் நேரம் கடத்துவதற்கும் நடுவரிடம் வாதாடுவதற்கும் அட்டை எடுக்கச் சொல்லி நடுவர்களுக்கு உத்தரவு போனது. பிரீமியர் லீகின் மஞ்சள் சராசரி நாலைத் தாண்டியது. முந்தைய மூன்று ஆண்டுக் கோப்பை அப்படியே நம்பியவர்களின் எண்கள் முதல் வாரத்திலேயே பழசாயின. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் நம் கணிப்பையும் எழுந்த அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிழை மேலும் கீழுமாகச் சிதறினால் அது தற்செயல். ஐந்தாறு வாரம் ஒரே திசையில் சாய்ந்தால் லீகே மாறிவிட்டது என்று பொருள், அடிப்படை எண்ணைத் திருத்த வேண்டும்.

சில்லறை விஷயம் ஒன்றும் பலரைக் கவிழ்க்கிறது. பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளர் வாங்கும் அட்டையும், ஆட்டம் முடிந்த விசிலுக்குப் பின் எழும் அட்டையும் பெரும்பாலான நிறுவனங்களில் கணக்கில் சேராது. தொலைக்காட்சியில் ஐந்து எண்ணியவருக்கு நாலுக்கான முடிவே வரும்.

இன்னொன்று, இந்தச் சந்தை சிறியது. கோல் பந்தயத்தில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்ளும் நிறுவனம் அட்டைப் பந்தயத்தில் சில நூறோடு நிறுத்திவிடும். ஒரே வீரர் நினைத்தால் அட்டை வாங்கிவிட முடியும் என்ற பயமே காரணம். வெஸ்ட் ஹாம் வீரர் லூகாஸ் பக்கேட்டா வேண்டுமென்றே மஞ்சள் வாங்கினார் என்று 2024-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் குற்றம் சாட்டியது. 2025-இல் அது நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது. தொடர்ந்து ஜெயிப்பவரின் கணக்குக்கு வரம்பு போடுவதும் இந்தச் சந்தையில் சாதாரணம். இந்தியாவிலோ பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. ஆகவே இங்கிருந்து இந்தக் கணக்கைப் போட விரும்புகிறவர் இலவசக் கோப்பையும் ஒரு விரிதாளையும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம், பணத்தை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.